கானாடுகாத்தானில் ஒரு ராத்திரி: கல்யாண வீடியோகாரனின் மூன்று நாள் குறிப்பு

முதல் நாள்: திருச்சி – கானாடுகாத்தான்

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஏழேகாலுக்குத்தான் வண்டி நகர்ந்தது. ட்ரைபாடை மறந்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடினான் குட்டி. என்னிடம் உதவிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கை சுத்தம், வேலையில் கெட்டி, ஞாபகம் மட்டும் கொஞ்சம் ஓட்டை.

புதுக்கோட்டையில் டீ. திருமயம் தாண்டும்போது கோட்டை மேலே வெயில் விழுந்திருந்தது. எத்தனையோ தடவை இந்த ரோட்டில் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை. கல்யாண வீடியோ எடுக்கிறவன் ஊர் பார்ப்பதெல்லாம் வண்டி ஜன்னல் வழியாகத்தான்.

இந்தத் தடவை அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். நாளைக்குக் கானாடுகாத்தானில் ஒன்று, நாளை மறுநாள் விடியற்காலை தேவகோட்டையில் இன்னொன்று. இரண்டும் நகரத்தார் வீட்டுக் கல்யாணம், இரண்டும் மண்டபத்தில் இல்லாமல் வீட்டிலேயே நடக்கிறது. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அந்த ராத்திரியைப் பற்றி எழுதத்தான் இந்தக் குறிப்பையே ஆரம்பித்தேன், ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

கானாடுகாத்தான் தெருக்களில் கார் திரும்பியதுமே குட்டி வாயைப் பிளந்துவிட்டான். நூல் பிடித்த மாதிரி நேரான தெரு. வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்று பார்த்தால் நடுமுற்றமான வளவு, அதற்கப்பால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் வரை வாசலுக்கு நேர் வாசலாகத் தெரியும். இந்த நேர்கோடு கண்ணுக்கு அழகு, எங்களுக்குத் தலைவலி. முகப்பில் நிற்கிற கேமராவுக்கு எதிரே கடைசி வாசல் வெள்ளையாக எரியும், நடுவில் நிற்கிற ஆள் இருட்டாகிவிடுவார். அதனால் இந்த மாதிரி வீடுகளில் ஒரு கேமராவை வளவின் பக்கவாட்டில், பட்டாலையை ஒட்டி வைத்துவிடுவேன். திறந்த வானத்திலிருந்து விழுகிற வெளிச்சம் முகத்தில் பக்கமாகப் படும். தனி விளக்கு தேவைப்படாது.

சாயங்காலம் சாமான் பரப்பினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம், பண்டம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைப்பது. பித்தளை அடுக்கு, எவர்சில்வர், மரச்சாமான் என்று கண் போகிற தூரம் வரை. ஒரு கேமராதான் ஓடியது, ஒன்றரை மணி நேரம். முடிந்ததும் கார்டை லேப்டாப்பில் இறக்கினேன். 68 ஜிபி, 30 கிளிப்.

எங்களுக்கு மேல்மாடியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, காலை வைத்தாலே குளிர்ந்தது. அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதைப் பார்த்ததும் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள்: கல்யாணமும் அதன் ராத்திரியும்

(இதை எழுதும்போது மணி மூன்றாம் நாள் காலை பத்து. தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி கட்டுகிற திருப்பூட்டுதலை இரண்டு கேமராவில் வாங்கினேன். நகரத்தார் தாலியான கழுத்திருவைக் கையில் எடுத்தபோது வளவில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, நாதஸ்வரம் மட்டும்தான். கல்யாண ஒப்பந்தமான இசைபிடிமானம் எழுதுகிற இடத்தில் குட்டியை, ஆட்டம் தாங்குகிற கிம்பலில் மாட்டிய மூன்றாவது கேமராவோடு குனிந்து நிற்கச் சொன்னேன், எழுதுகிறவர் கையை நன்றாக எடுத்திருக்கிறான். பந்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் குறிப்பு முடியாது. வெள்ளைப் பணியாரத்தை மட்டும் நான்கு தடவை கேட்டு வாங்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரவு ஒன்பதரைக்கு மேல்மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கணக்கு இப்படி இருந்தது.

1 டிபி என்று சொல்லி வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள் எல்லாம் சேர்த்து 140. பாதியில் நிற்கிற ஒரு வளைகாப்பு எடிட் 95. இந்தக் கல்யாணம் 498. எடிட்டிங் மென்பொருள் தானாகச் சேர்த்து வைத்த கேஷ் 78. ரீசைக்கிள் பின்னில் 41. மீதி 79 ஜிபி.

எங்கள் கேமராக்கள் 4கே-வில் விநாடிக்கு 100 மெகாபிட் எழுதுகின்றன. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிபி. தேவகோட்டையில் மூன்று கேமராவும் சேர்ந்து குறைந்தது பத்து மணி நேரம் ஓடும். 450 ஜிபி வேண்டும், கையிருப்பு 79. விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.

கார்டுகளும் ஆறுதான், எல்லாம் 128 ஜிபி. ஆறும் நிறைந்தோ பாதி நிறைந்தோ கிடந்தன. காலையில் ஆறும் காலியாக வேண்டும். கேமராவில் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதே, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். அதற்குப் பன்னிரண்டு கார்டு வேண்டும், என்னிடம் பாதிதான் இருக்கிறது.

"அண்ணே, ஜிப் பண்ணிட்டா சின்னதாயிடாதா?" என்றான் குட்டி.

ஆகாது. கேமராவே படத்தை ஏற்கெனவே அழுத்தித்தான் எழுதுகிறது. அதை மறுபடி ஜிப் செய்தால் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் பெரிது. ராத்திரி முழுக்க ஃபேன் இரைந்ததுதான் மிச்சமாகும்.

முதலில் திரும்ப உண்டாக்கிக்கொள்ளக்கூடியதை அழித்தேன். எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்கில் Media Cache என்று ஒரு பக்கம் உண்டு, அங்கிருந்தே அழிப்பது நல்லது. ஒலியை மாற்றி வைத்த ஃபைல்கள், அலைவடிவம் வரைந்த ஃபைல்கள்தான் அதில் இருக்கும். அடுத்த தடவை வளைகாப்பு ப்ராஜெக்டைத் திறக்கும்போது அது மறுபடி உட்கார்ந்து தயாரிக்கும், அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். அப்புறம் ரீசைக்கிள் பின். டெலீட் அழுத்தினால் ஃபைல் அங்கேதான் போய் உட்காரும், டிஸ்க்கில் ஒரு பைட்டும் காலியாகாது. இரண்டையும் அழித்ததில் 119 ஜிபி கிடைத்தது. 79 என்றிருந்தது 198 ஆயிற்று. போதாது. ஆக இந்த 498-ஐ இறக்கியே தீரவேண்டும்.

என்னிடம் இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் இருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று பழசு, அதில் போன வருஷத்துக் கல்யாணங்கள் இருக்கின்றன, 700 ஜிபி இடம் மிச்சம். இரண்டிலும் ஒவ்வொரு பிரதி. லேப்டாப்பில் இருப்பது போனாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒரே டிஸ்க்கில் மட்டும் வைத்துவிட்டு லேப்டாப்பை அழிப்பதும், ஒரே கயிற்றில் இரண்டு வாளியைக் கட்டிக் கிணற்றில் விடுவதும் ஒன்று.

கட் பேஸ்ட் கூடவே கூடாது. காப்பிதான். அதையும் மவுஸால் இழுக்காமல் கமாண்டில் கொடுத்தேன், இரண்டு டிஸ்க்குக்கும் இரண்டு விண்டோ:

```
robocopy C:\KANADU E:\KANADU /E /R:2 /W:5 /LOG:C:\LOG\E.txt
robocopy C:\KANADU F:\KANADU /E /R:2 /W:5 /LOG:C:\LOG\F.txt
```

KANADU இந்தக் கல்யாணத்தின் ஃபோல்டர், E:, F: இரண்டும் அந்த டிஸ்க்குகள். /E என்றால் உள்ளே இருக்கிற ஃபோல்டர் அத்தனையும். ஒரு ஃபைல் படியவில்லை என்றால் ஐந்து விநாடி விட்டு இரண்டு தடவை முயற்சி செய்யும், அப்புறம் லாக்கில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகும். நடுவில் கரன்ட் போனால் இதே வரியை மறுபடி ஓட்டினால் போதும், முடிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். சிலர் /MIR போடச் சொல்வார்கள். அது கண்ணாடி மாதிரி. மூலத்தில் இல்லாதது எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். கை தவறி டிஸ்க்கின் தலைக்கே அதைக் கொடுத்தால் போன வருஷத்துக் கல்யாணம் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் லேப்டாப் தூங்கிவிடாமல் இருக்க இரண்டு வரி. ஒன்று கரன்ட் இருக்கும்போது, இன்னொன்று பேட்டரியில் ஓடும்போது:

```
powercfg /change standby-timeout-ac 0
powercfg /change standby-timeout-dc 0
```

இரண்டாவது வரியை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். கரன்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் லேப்டாப் கால் மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும், காப்பியும் அங்கேயே நின்றுவிடும். பதினொன்றேகாலுக்குச் சொல்லி வைத்த மாதிரி கரன்ட் போயிற்று, பத்து நிமிஷம். இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் எரிந்தன, எங்கள் பிளக் பாயின்ட்டில் ஒன்றும் இல்லை. லேப்டாப் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் புது டிஸ்க் விநாடிக்கு 34 எம்பி எழுதுகிறது. பழசு 110-இல் பறக்கிறது. தலைகீழாக இருக்கிறதே! 34 என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல், சரிபார்க்க நேரமே இருக்காது. இந்த முப்பத்துச் சொச்சம் என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்குப் பொறி தட்டும், அது யுஎஸ்பி 2-இன் வேகம். போர்ட் நீலம்தான், சரியான போர்ட்தான். டிஸ்க் பக்கம் கேபிளின் முனையைப் பாருங்கள். அகலமாக, நடுவில் ஒரு சின்னப் பள்ளத்தோடு இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு மட்டும் சரியாகப் பதிந்தால் டிஸ்க் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில். இரண்டும் பதிந்தால்தான் முழு வேகம். கமாண்டை நிறுத்தி, டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து, கேபிளை எடுத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். மறுபடி ஓட்டினால் 112.

கல் தரை குளிர்ச்சி என்பதால் டிஸ்க் இரண்டையும் தரையிலேயே வைத்தேன். லேப்டாப்புக்கு அடியில் காற்று போக இரண்டு டம்ளரைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தான் குட்டி.

புதுசு பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தது. பழசு முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, அப்புறம் மூச்சு வாங்கி 35-க்கு இறங்கிவிட்டது. சில மலிவான டிஸ்க்குகளில் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். கொஞ்ச நேரம் தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த இடம் நிறைந்ததும் தடவித் தடவித்தான் எழுதும். கோளாறு இல்லை, அதன் சுபாவம் அப்படி. பன்னிரண்டே முக்காலுக்கு அதுவும் முடிந்தது.

படியில் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பத்தா, கையில் சொம்போடு.

"இன்னுமா முழிச்சிருக்கீக? கல்யாணந்தேன் முடிஞ்சு போச்சே."

"இதைப் பத்திரமா எடுத்து வைக்கிற வேலை இருக்கு ஆச்சி. காலையிலே தேவகோட்டைக்குப் போகணும்."

"பத்திரமா வைக்க ஒரு பொட்டி போதாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சொம்புப் பாலை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

காப்பி முடிந்தது என்று சொல்வது காப்பி செய்த கமாண்ட். அது எழுதச் சொல்லி அனுப்பியதைத்தான் சொல்கிறது, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு வீடியோ ஃபைலுக்கும் ஹாஷ் எடுப்பேன். ஃபைல் முழுவதையும் படித்து அதிலிருந்து ஒரு நீளமான எண்ணை உண்டாக்குவது அது. ஒரு பிட் மாறினாலும் எண் வேறாகிவிடும். எடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி மாட்டவும் வேண்டும். இல்லையென்றால் கடைசியாக எழுதிய ஃபைல்களை லேப்டாப் தன் நினைவிலிருந்தே படித்துக் காட்டிவிடும், டிஸ்க்கைத் தொடவே தொடாது. பவர்ஷெல்லில் இப்படி:

```
Get-ChildItem E:\KANADU -Recurse -Filter *.MP4 |
  Get-FileHash -Algorithm MD5 |
  Export-Csv C:\LOG\E.csv
```

இதையே C:\KANADU, F:\KANADU இரண்டுக்கும் ஓட்டி, C.csv, F.csv என்று வைத்துக்கொண்டேன். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் படிக்க விட்டேன், முடியும்போது ராத்திரி மணி இரண்டரை. அப்புறம் ஒப்பிடுவது ஒரு வரி:

```
Compare-Object (Import-Csv C:\LOG\C.csv).Hash (Import-Csv C:\LOG\E.csv).Hash
```

எல்லாம் பொருந்தினால் இது ஒன்றுமே சொல்லாது. வெற்றுத் திரை. E-க்கும் ஒன்றும் வரவில்லை, F-க்கும் வரவில்லை. 221 கிளிப், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி.

KANADU ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து Shift, Delete இரண்டிலும் விரலை வைத்தேன். குட்டி பின்னால் கேமரா பேட்டரிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே கேட்டான்:

"கார்டெல்லாம் ஃபார்மட் பண்ணிடவாண்ணே? காலையிலே நேரம் மிச்சம்."

"ம்" என்றுதான் சொல்லவிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு கார்டையும் கேமராவிலிருந்து கழற்றும்போது கடைசிக் கிளிப் எண்ணை அதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். யார் கழற்றினாலும் எழுத வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் 30. முதல் கேமரா, இரண்டு கார்டும் சேர்த்து 38. கிம்பல் 112. இரண்டாவது கேமரா முதல் கார்டு 41, இரண்டாவது கார்டு 24. கூட்டினால் 245.

லேப்டாப்பில் 221.

மறுபடி கூட்டினேன். 245-தான். தூக்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வித்தியாசம் சரியாக 24. இரண்டாவது கேமராவின் இரண்டாவது கார்டு. CAM2 ஃபோல்டரைத் திறந்தால் 41 கிளிப் மட்டும், C0001-இலிருந்து C0041 வரை.

"குட்டி, மத்தியானம் கேமரா ரெண்டோட செகண்ட் கார்டை எங்கே காப்பி பண்ணினே?"

"CAM2-லேதாண்ணே. முதல் கார்டு போட்ட அதே ஃபோல்டர்லே."

"ஏதாவது கேட்டுச்சா?"

கொஞ்சம் யோசித்தான். "ஒரே பேர்ல நிறைய ஃபைல் இருக்குன்னு கேட்டுச்சு. மாத்தவா, விடவான்னு. மாத்தினா பழசு போயிடுமேன்னு Skip these files குடுத்தேன்."

எங்கள் கேமராவில் ஃபைல் எண்ணை Reset என்று வைத்திருக்கிறோம். ஃபார்மட் செய்த ஒவ்வொரு கார்டிலும் கிளிப் C0001 என்றுதான் ஆரம்பிக்கும். PRIVATE\M4ROOT\CLIP என்ற உள்ஃபோல்டர் வரிசையும் எல்லாக் கார்டிலும் ஒன்றே. இரண்டு கார்டை ஒரே ஃபோல்டரில் இழுத்துப் போட்டால் விண்டோஸ் ஃபோல்டர்களைச் சேர்த்துவிடும், ஒரே பெயர் வந்தால் நம்மைக் கேட்கும். இரண்டாவது கார்டில் இருந்தது C0001 முதல் C0024 வரை, அத்தனையும் ஏற்கெனவே அங்கே இருக்கிற பெயர். ஆக ஒரு கிளிப்கூட இறங்கவில்லை. அவன் Replace அழுத்தியிருந்தால் முதல் கார்டின் முதல் 24 போயிருக்கும், அப்போதும் எண்ணிக்கை 41-தான் காட்டும். பையன் பயந்து பயந்து நல்லதாக நினைத்துத்தான் செய்திருக்கிறான்.

என்னை உலுக்கியது வேறு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஹாஷ் அத்தனையும் சரியாக இருந்ததே! இருக்கத்தான் செய்யும். லேப்டாப்பில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒன்றா என்றுதான் அது பார்த்தது. லேப்டாப்புக்கே வந்து சேராததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அந்த 24 கிளிப் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, குட்டி கையில் வைத்திருந்த கார்டுப் பையில்.

"பைய அப்படியே கீழே வை" என்றேன். குரல் கொஞ்சம் உசந்துவிட்டது போல, திடுக்கிட்டு வைத்தான்.

ஆறு கார்டில் எதையும் அவன் இன்னும் தொடவில்லை. சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட இரண்டாவது கார்டை ரீடரில் சொருகினேன். 52 ஜிபி, 24 கிளிப், முதலும் கடைசியும் திறந்து ஓடின. CAM2_CARD2 என்று தனி ஃபோல்டர். பழையதையும் CAM2_CARD1 என்று பெயர் மாற்றலாமா என்று கை அரித்தது, விட்டுவிட்டேன். இப்போது பெயரை மாற்றினால் robocopy அதைப் புது ஃபோல்டராக நினைத்து 112 ஜிபியை மறுபடி எழுத ஆரம்பிக்கும்.

கார்டிலிருந்து லேப்டாப்புக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதே இரண்டு robocopy வரி, இந்தத் தடவை புது ஃபோல்டர் மட்டும்தான் போயிற்று. பழைய டிஸ்க் இதற்கும் மூச்சு வாங்கியது. கழற்றி மாட்டி, அந்த 24-க்கு மட்டும் ஹாஷ். இப்போது கார்டுக்கும் ஹாஷ் எடுத்துச் சேர்த்து ஒப்பிட்டேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும், மூலம் என்பது கார்டுதான், லேப்டாப் இல்லை. ஆறு கார்டுக்கும் எடுக்க நேரம் இல்லை, அதனால் மற்ற ஐந்துக்கும் கிளிப் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஃபோல்டரோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. 245.

மணி மூன்று ஐம்பது. Shift + Delete. பல மணி நேரம் காத்துக் காத்துச் சேர்த்தது அழிய நாலைந்து விநாடிதான் ஆயிற்று. காலியிடம்: 696 ஜிபி.

கார்டுகளை ஃபார்மட் செய்ய நான் உட்கார்ந்தேன். லேப்டாப்பில் செய்யாமல் அந்தந்தக் கேமராவில் போட்டு, ஒவ்வொன்றாக. குட்டி பக்கத்தில் நின்று நோட்டில் டிக் போட்டான். ஆச்சி வைத்த பால் ஆடை கட்டி ஆறிப் போயிருந்தது. பாதிப் பாதி குடித்தோம்.

மூன்றாம் நாள்: தேவகோட்டை

புது டிஸ்க் என் தோள்பையில். பழசை முதல் வீட்டுக்காரர்கள் திருச்சிக்கு அனுப்பிய வேறொரு வண்டியில், துண்டில் சுற்றி, என் மனைவியிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இரண்டும் ஒரே காரில் போனால் இரண்டு பிரதி வைத்து என்ன பிரயோஜனம்?

காரைக்குடியை இருட்டோடு தாண்டினோம். டிரைவர் அண்ணன் மட்டும்தான் முழித்திருந்தார் என்று நினைக்கிறேன். அவரும் பாதி வழியில் நிறுத்தி முகம் கழுவினார்.

தேவகோட்டை வீடு இன்னும் பெரிசு. வளவுத் தூண்கள் கைக்கு அடங்காத பருமன், பர்மாத் தேக்கு. வெளிச்சமும் நன்றாக இருந்தது. கல்யாணத்தைப் பற்றி எழுத மூளை ஓடவில்லை, மன்னிக்கவும். முதல் வேலையாக மூன்று கேமராவிலும் ஃபைல் எண்ணை Reset-இலிருந்து Series-க்கு மாற்றினேன். இனி கார்டு மாறினாலும் எண் தொடர்ந்து போகும். ஆனால் மூன்று கேமராவும் ஆளுக்கொரு C0001-ஐ வைத்திருக்கத்தான் போகின்றன, அதனால் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்ற வழக்கத்தை விட முடியாது.

பத்தரைக்கு முதல் கார்டு நிறைந்தது. குட்டி லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, DEVA_CAM1_CARD1 என்று ஃபோல்டர் போட்டு, இறக்கி முடித்து, நோட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். கார்டில் 19, ஃபோல்டரில் 19. அடியில் அவனே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தான், பேங்க் செக் மாதிரி.

மத்தியானப் பந்தி முடிந்து அரை மணி நேரம் கிடைத்தது. புது டிஸ்க்கை மாட்டி அந்த 24-இல் என்னதான் இருக்கிறது என்று ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் பெண்ணை அனுப்புகிற நேரம். பட்டாலைப் பக்கம் வைத்திருந்த கேமரா அது, வாசலுக்குக் கூட்டம் போன பிறகும் யாரும் நிறுத்தாமல் ஓடியிருக்கிறது. C0022-இல் வளவு முழுக்கக் காலி. ராத்திரி பால் கொண்டுவந்த அப்பத்தா மட்டும் தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசல் பக்கமே பார்த்து நிற்கிறார். நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் குனிந்து, தரையில் கிடந்த ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துத் தானே மடிக்க ஆரம்பிக்கிறார்.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துட்டாக" என்று குட்டி கூப்பிட்டான். டிஸ்க்கை எஜெக்ட் செய்து பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.